ஒரே பங்கைப் பல தடவை வாங்கி, கொஞ்சம் விற்றால் லாபம் எவ்வளவு? ஆப் காட்டும் சராசரி விலை வரிக்கு ஏன் உதவாது?

கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சி. அங்கே வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவர், தீவிலேயே கப்பல் பழுதுபார்க்கும் தளம் வைத்திருக்கும் கொச்சின் ஷிப்யார்டு நிறுவனத்தின் பங்குகளைச் சம்பளம் வரும்போதெல்லாம் பத்து பத்தாக வாங்குகிறார். ஒன்றரை வருஷம் கழித்துக் கொஞ்சம் விற்கிறார். அவருடைய மொபைல் ஆப்பில் சராசரி வாங்கிய விலை 975 ரூபாய் என்று இருக்கிறது. விற்றது 1,400 ரூபாய்க்கு. "அப்போ ஒரு பங்குக்கு 425 ரூபாய் லாபம், அவ்வளவுதானே?" என்று கேட்கிறார்.

இல்லை. வருமான வரிக் கணக்கில் அவருடைய லாபம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இவர் நாம் உதாரணத்துக்காகக் கற்பனை செய்துகொண்ட ஆள். ஆனால் இந்தக் குழப்பம் கற்பனை இல்லை. சின்னச் சின்னதாக நிறைய தடவை வாங்கி விற்கும் யாருக்கும் ஜூலை மாதம் இது வந்து நிற்கும். அவருடைய கணக்கையே ஒவ்வொரு படியாகப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்குக்கு வசதியாக எடுத்துக்கொண்ட முழு எண்கள். பங்குப் பிரிப்பும் அதன் தேதியும் மட்டும் உண்மையானவை.

அவர் என்னென்ன வாங்கினார்?

2023 நவம்பர் 6 அன்று 10 பங்குகள், தலா 1,000 ரூபாய்.
2024 மார்ச் 11 அன்று 10 பங்குகள், தலா 900 ரூபாய்.
2024 ஜூன் 18 அன்று 10 பங்குகள், தலா 2,000 ரூபாய்.

ஒவ்வொரு வாங்கலையும் ஒரு 'லாட்' என்று வைத்துக்கொள்வோம். முதல் லாட்டுக்கும் இரண்டாவது லாட்டுக்கும் நடுவில் ஒரு விஷயம் நடந்தது. கொச்சின் ஷிப்யார்டு 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் 5 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டு பங்குகளாகப் பிரித்தது. அதற்கான பதிவு தேதி 2024 ஜனவரி 10. அன்று கையில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு 10 பங்கு 20 ஆனது.

இதில் புதிதாக எதையும் வாங்கவில்லை. அதனால் மொத்தம் கொடுத்த 10,000 ரூபாய் அப்படியே இருக்கும். 20 பங்குகளுக்கு அதைப் பங்கிட்டால் தலா 500 ரூபாய். வாங்கிய தேதியும் 2023 நவம்பர் 6 தான், பிரிப்பு நடந்த தேதி இல்லை. போனஸ் பங்கு என்றால் கதை வேறு. அதற்கு அடக்கவிலை பூஜ்யம், வைத்திருந்த காலம் போனஸ் ஒதுக்கிய நாளிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டிலும் பங்கு எண்ணிக்கை திடீரென்று கூடும் என்பதால் பலரும் ஒன்றை இன்னொன்றாக எழுதிவிடுகிறார்கள்.

ஆக, அவரிடம் இப்போது இருப்பது: 500 ரூபாயில் 20, 900 ரூபாயில் 10, 2,000 ரூபாயில் 10. மொத்தம் 40 பங்குகள், போட்ட பணம் 39,000 ரூபாய். 39,000-ஐ 40-ஆல் வகுத்தால் 975. ஆப் காட்டிய எண் இதுதான்.

25 பங்கை விற்றார். எந்த 25?

2025 மார்ச் 20 அன்று 25 பங்குகளைத் தலா 1,400 ரூபாய்க்கு விற்கிறார். இதற்கு மூன்று விதமாகக் கணக்குப் போடலாம்.

முதல் வழி சராசரி. எல்லாப் பங்குக்கும் அடக்கவிலை 975 என்றால் லாபம் 25 × 425 = 10,625 ரூபாய்.

இரண்டாவது வழி, எந்த லாட்டை விற்கிறோம் என்று நாமே தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவில் இதற்கு இடம் உண்டு. விற்கும்போதே எந்த லாட் என்று புரோக்கரிடம் குறித்துச் சொல்லலாம். விலை அதிகமான லாட்டிலிருந்து ஆரம்பித்தால், 2,000 ரூபாய் லாட்டில் 6,000 நஷ்டம், 900 ரூபாய் லாட்டில் 5,000 லாபம், 500 ரூபாய் லாட்டில் ஐந்து பங்குக்கு 4,500 லாபம். நிகர லாபம் 3,500 ரூபாய்தான்.

மூன்றாவது வழி, முதலில் வந்தது முதலில் போகும் என்று வைப்பது. கணக்காளர்கள் இதை 'ஃபிஃபோ' என்பார்கள். இதன்படி முதலில் 500 ரூபாய் லாட்டின் 20 பங்குகள் போகும்: 20 × 900 = 18,000 லாபம். மீதி 5 பங்குகள் 900 ரூபாய் லாட்டிலிருந்து: 5 × 500 = 2,500 லாபம். மொத்தம் 20,500 ரூபாய்.

ஒரே விற்பனை, மூன்று விடை: 3,500, 10,625, 20,500. டீமேட் கணக்கில் இருக்கும் பங்குகளுக்கு இந்தியச் சட்டம் ஒப்புக்கொள்வது மூன்றாவதை மட்டும்தான். நமக்குத் தேர்வு கிடையாது.

ஏன் இந்த விதி?

காகிதப் பங்குப் பத்திரங்கள் இருந்த காலத்தில் ஒவ்வொரு பங்குக்கும் தனி எண் அச்சிட்டிருக்கும். எந்தப் பத்திரத்தைக் கொடுத்தீர்களோ, அதை எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று காட்ட முடியும். துறைமுகக் கிடங்கில் குறி போட்ட மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பது போல. எந்த மூட்டை வெளியே போனது என்பதில் சந்தேகமே வராது.

1996-இல் டெபாசிட்டரி சட்டம் வந்து பங்குகள் மின்னணு வடிவத்துக்கு மாறின. தனி எண் போனது. டீமேட் கணக்கு என்பது கிடங்கு இல்லை, எண்ணெய்த் தொட்டி மாதிரி. நவம்பரில் ஊற்றிய லிட்டரும் ஜூனில் ஊற்றிய லிட்டரும் கலந்துவிட்டன. குழாயைத் திறந்தால் எது வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சட்டமே ஒரு வரிசையை வகுத்தது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 45(2ஏ) பிரிவு, டீமேட் பங்குகளுக்கு அடக்கவிலையையும் வைத்திருந்த காலத்தையும் முதலில் வந்தது முதலில் போகும் முறையில்தான் கணக்கிட வேண்டும் என்கிறது. நேரடி வரிகள் வாரியம் 1998 ஜூன் 24 தேதியிட்ட 768-ஆம் சுற்றறிக்கையில் இதை விளக்கியது. (2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. அவற்றைத் தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.)

அப்படியானால் சராசரிக்கும் இதற்கும் இடையில் வந்த 9,875 ரூபாய் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. மிச்சம் இருக்கும் 15 பங்குகளின் அடக்கவிலை, ஃபிஃபோ முறையில் 24,500 ரூபாய். சராசரி முறையில் 14,625 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் அதே 9,875. இன்று அதிக லாபம் காட்டினால் நாளைக்குக் குறைவாகக் காட்டுவீர்கள். வரி எந்த வருஷத்தில் விழுகிறது, எந்த விகிதத்தில் விழுகிறது என்பதுதான் மாறுகிறது.

தேதி ஏன் விலையைவிட முக்கியம்?

பட்டியலிடப்பட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன லாபம். 2024 ஜூலை 23-க்குப் பிந்தைய விற்பனைகளில், ஒரு நிதியாண்டில் மொத்தம் 1.25 லட்சம் ரூபாய் வரை இதற்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதமோ அதற்குள்ளோ விற்றால் குறுகியகால லாபம், 20 சதவீதம்.

நம்ம ஆள் விற்ற 25-இல் கடைசி ஐந்தைப் பாருங்கள். வாங்கியது 2024 மார்ச் 11, விற்றது 2025 மார்ச் 20. ஒன்பது நாள் வித்தியாசத்தில் நீண்டகாலம் ஆகிவிட்டது. வேறு லாபம் இல்லையென்றால் முழு 20,500 ரூபாயும் வரி இல்லாத வரம்புக்குள் வரும். இதையே பத்து நாள் முன்னாடி, மார்ச் 10 அன்று விற்றிருந்தால், அந்த ஐந்து பங்கின் 2,500 ரூபாய் குறுகியகால லாபம். அதற்கு 500 ரூபாய் வரி. ஐந்து பங்குக்கு இது சின்னத் தொகைதான். வருஷத்துக்கு இருநூறு முந்நூறு பரிவர்த்தனை செய்பவருக்கு இதே தவறு லாட் லாட்டாகக் கூடிக்கொண்டே போகும். சராசரி விலைக்கோ தேதியே கிடையாது. வரிக்கு அது உதவாததற்குப் பெரிய காரணம் இதுதான்.

இரண்டு டீமேட் கணக்கு இருந்தால்?

வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி. நம்ம ஆள் இன்னொரு புரோக்கரிடமும் கணக்கு வைத்து, அதில் 2024 டிசம்பர் 10 அன்று 10 பங்குகளைத் தலா 1,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அந்தக் கணக்கிலிருந்து அந்தப் பத்தை 1,400-க்கு விற்றால், 1,000 ரூபாய் குறுகியகால நஷ்டம். முதல் கணக்கில் இருக்கும் 500 ரூபாய் லாட் குறுக்கே வராது.

லாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாத நாட்டில் நமக்கு இருக்கும் ஒரே தேர்வு இது: எந்தக் கணக்கிலிருந்து விற்பது என்பது. நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பதை ஒரு கணக்கிலும், அடிக்கடி வாங்கி விற்பதை இன்னொன்றிலும் வைப்பவர்கள் இதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால், நேற்று வாங்கியதை இன்று விற்கிறோம் என்று நினைப்போம். கணக்குப்படி போவது அப்பா சொல்லி ஐந்து வருஷம் முன்னாடி வாங்கிய பங்காக இருக்கும்.

ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பங்குகளை மாற்றுவது விற்பனை இல்லை. வாங்கிய விலையும் வாங்கிய தேதியும் பழையவைதான். ஆனால் புதிய கணக்கின் வரிசையில், அந்தக் கணக்குக்குள் நுழைந்த நாளை வைத்துத்தான் அதற்கு இடம். புதிய புரோக்கருக்குப் பழைய விலை தானாகத் தெரியாது. நீங்கள் நிரப்பாவிட்டால் அடக்கவிலை பூஜ்யமாகவோ, மாற்றிய நாளின் விலையாகவோ காட்டலாம்.

காலையில் விற்று மாலையில் வாங்கினால் நஷ்டம் பதிவாகுமா?

மார்ச் மாதக் கடைசியில் பலர் செய்யும் வேலை இது. நஷ்டத்தில் இருக்கும் பங்கை விற்று நஷ்டத்தைக் கணக்கில் கொண்டுவருவார்கள், பிறகு அதே பங்கைத் திரும்ப வாங்குவார்கள். குறுகியகால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். மிஞ்சியதை, ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால், எட்டு வருஷம் வரை எடுத்துச் செல்லலாம்.

இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, நஷ்டத்தில் இருக்கும் லாட் வரிசையில் பின்னால் நிற்கும். நம்ம ஆளிடம் மிச்சம் இருப்பது 900 ரூபாயில் 5, 2,000 ரூபாயில் 10. அந்த 2,000 ரூபாய் லாட்டின் நஷ்டத்தைத் தொட வேண்டுமென்றால், முதலில் 900 ரூபாய்ப் பங்குகள் ஐந்தையும் லாபத்தோடு விற்றாக வேண்டும்.

இரண்டாவது இன்னும் மோசம். காலையில் விற்ற அதே எண்ணிக்கையை அதே கணக்கில் அன்றைக்கே திரும்ப வாங்கினால், இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகிவிடும். டீமேட்டிலிருந்து ஒரு பங்குகூட வெளியே போகாது. அது இன்ட்ராடே பரிவர்த்தனை, அதாவது ஊக வணிக வருமானம். பழைய லாட் இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள் நினைத்த நஷ்டம் பதிவாகவே ஆகாது. போதாததற்கு, வருமானத்தில் ஊக வணிகம் வந்துவிட்டதால் ஐடிஆர்-2 போதாமல் ஐடிஆர்-3 போட வேண்டி வரும். திரும்ப வாங்குவதை அடுத்த வர்த்தக நாளுக்குத் தள்ளினால் இந்தச் சிக்கல் இல்லை. அதுவரை விலை ஏறினால் அது உங்கள் ரிஸ்க்.

என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

ஒரு பங்குக்கு, ஒரு டீமேட் கணக்குக்கு, ஒரு தாள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வரி. வர்த்தகத் தேதி, கணக்கில் நுழைந்த தேதி, எண்ணிக்கை, விலை, செலவு. இவ்வளவு போதும். இரண்டு தேதி எதற்கு? வரிசையைத் தீர்மானிப்பது கணக்கில் நுழைந்த தேதி. எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள் என்பதை எண்ணுவது கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கும் வர்த்தகத் தேதியிலிருந்து.

செலவு என்ற இடத்தில் கவனம் வேண்டும். புரோக்கரேஜ், அதன் மீதான ஜிஎஸ்டி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், முத்திரைக் கட்டணம் ஆகியவற்றை வாங்கிய விலையோடு சேர்க்கலாம். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி-யை மூலதன லாபக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 20,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் எஸ்டிடி 20 ரூபாய், முத்திரைக் கட்டணம் 3 ரூபாய். இதில் 3 சேரும், 20 சேராது. கான்ட்ராக்ட் நோட்டின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை அப்படியே எடுத்து எழுதினால் இந்த 20-ம் உள்ளே வந்துவிடும்.

எண்ணிக்கையை C பத்தியில் எழுதி, இதுவரை விற்ற மொத்தப் பங்குகளை H1 கட்டத்தில் வைத்தால், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எத்தனை போனது என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும்:

```
=MAX(0, MIN(C2, $H$1-SUM(C$1:C1)))
```

முதல் வரி தலைப்பு, இரண்டாவது வரியிலிருந்து லாட்டுகள். H1-இல் 25 என்று போட்டு, சூத்திரத்தைக் கீழே இழுத்தால் 20, 5, 0 என்று வரும். அடுத்த தடவை 10 விற்றால் H1-ஐ 35 ஆக்குங்கள்; முன்பு இருந்ததற்கும் இப்போது வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த விற்பனையின் பங்கு. இன்ட்ராடே எண்ணிக்கையை இந்தத் தாளில் சேர்க்கவே கூடாது. அதற்குத் தனித் தாள்.

தாள் தப்பாகப் போகிறது என்று எப்படித் தெரியும்?

ஒரு எளிய சோதனை இருக்கிறது. தாளில் மிச்சம் காட்டும் எண்ணிக்கையும், என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மாதந்தோறும் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்ம ஆள் பங்குப் பிரிப்பைப் பதிவு செய்ய மறந்திருந்தால், தாளில் 30 பங்கு வாங்கி 25 விற்றது போக 5 என்று இருக்கும். டீமேட்டில் 15 இருக்கும். அந்தத் தப்பான தாளை வைத்துப் போட்டால் லாபம் 6,000 ரூபாய் என்று வரும். உண்மை 20,500. எண்ணிக்கை இடிக்கும்போதே நிறுத்திக் காரணத்தைத் தேடினால், தப்பான தொகை ரிட்டர்ன் வரைக்கும் போகாது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் விலை தப்பாக இருக்கலாம். அதற்குப் புரோக்கர் தரும் வரி லாப நஷ்ட அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அது ஃபிஃபோ முறையில்தான் இருக்கும். ஹோல்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் சராசரி விலையோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேறு கணக்கிலிருந்து மாற்றி வந்த பங்கு, போனஸ், நிறுவனப் பிரிப்பு ஆகிய வரிகளை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். அடக்கவிலை பூஜ்யம் என்று இருந்தால் அது போனஸ்தானா, அல்லது விலை விடுபட்டுப்போனதா என்று கேளுங்கள்.

வருமான வரித் தளத்தில் இருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ஐயும் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் விற்பனைத் தொகை சில சமயம் அந்த நாளின் முடிவு விலையை வைத்துப் போட்ட மதிப்பாக இருக்கும், நீங்கள் விற்ற விலையாக இருக்காது. வித்தியாசம் இருந்தால் உங்கள் ஆதாரம் கான்ட்ராக்ட் நோட்தான். ஏஐஎஸ்-இல் உள்ள விற்பனை ஒன்று உங்கள் தாளில் இல்லவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. விற்ற வருஷத்தின் கான்ட்ராக்ட் நோட்டுகளை மட்டும் எடுத்து வைப்பது போதாது. ஃபிஃபோ முறையில் இன்று விற்பதன் விலை, நீங்கள் மறந்துபோன பழைய வாங்கலில் இருக்கிறது. புரோக்கரை மாற்றிக் கணக்கை மூடுவதற்கு முன்னாடி, முதல் நாளிலிருந்து உள்ள பரிவர்த்தனைப் பட்டியலையும் கான்ட்ராக்ட் நோட்டுகளையும் இறக்கி வையுங்கள். நம்ம ஆளிடம் இன்னும் 15 பங்குகள் இருக்கின்றன. அவற்றை அவர் 2032-இல் விற்றாலும், கேட்கப்போவது 2024 மார்ச் 11, ஜூன் 18 தேதிகளின் சீட்டுகளைத்தான்.